மொய் வாசிக்கும்போது மைக் நின்றால்: டிராலி ஸ்பீக்கரின் பேட்டரிக் கணக்கு

ஆவணி பிறந்துவிட்டால் என் கடைக்கு டிராலி ஸ்பீக்கர்கள் வரிசைகட்டி வரும். சக்கரம் வைத்த பெட்டி, இரண்டு ஒயர்லெஸ் மைக், போனிலிருந்து பாட்டுப் போட புளூடூத். "ஆம்ப்ளிஃபயர் போயிருச்சுண்ணே" என்றுதான் கொண்டுவருவார்கள். பல நேரம் ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

போன வருடம் அப்படி ஒரு பெட்டி வந்தது. தோப்புக்குள் இருக்கும் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. அங்கே கரண்ட் இல்லை. காலை 8 மணிக்கு அம்மன் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்திருக்கிறார்கள். 9 மணி வாக்கில் தாய்மாமன் சீரைச் சொல்லத் தொடங்கியதும் பெட்டி அணைந்துவிட்டது. மொய் முழுவதையும் தொண்டை கிழியக் கத்தித்தான் வாசித்தார்களாம். "அட்டையில 6 மணி நேரம்னு போட்டிருக்கே!" என்று ஒரே கோபம்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் ஈய அமிலப் பேட்டரி. இந்த 7 என்பது பேட்டரியை 20 மணி நேரத்தில் மெதுவாகத் தீர்த்தால் கிடைக்கிற அளவு. வேகமாக உறிஞ்சினால் அவ்வளவு கிடைக்காது. அந்தப் பெட்டியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். மைக்கில் பேசினால் சராசரியாக 1 ஆம்பியர் இழுத்தது; அப்படியே போனால் புதுப் பேட்டரி 5 மணி நேரத்துக்கு மேல் வரும். பேஸைக் கூட்டி முழுச் சத்தத்தில் பாட்டு வைத்ததும் 4 ஆம்பியர். அதற்கு அதே புதுப் பேட்டரி ஒரு மணி நேரம் சொச்சம்தான் தாங்கும். ஆக, 6 மணி நேரம் என்பது குறைந்த சத்தத்துக்கான கணக்கு. பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கும் வாட்ஸையும் இதே கண்ணோடு பாருங்கள். 7 ஆம்பியர் பேட்டரியை வைத்துக்கொண்டு 2000 வாட்ஸ் எங்கிருந்து வரும்?

இந்தப் பேட்டரிக்கு வேறொரு கேடும் நடந்திருந்தது. முந்தின விசேஷத்தில் தீர்ந்த பேட்டரியை அப்படியே பரணில் போட்டு, எட்டு மாதம் கழித்து எடுத்திருக்கிறார்கள். ஈய அமிலப் பேட்டரி காலியாகக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. சார்ஜரில் பச்சை விளக்கு சீக்கிரமே எரியும், நாமும் ஏறிவிட்டது என்று நம்பிவிடுவோம். விசேஷம் முடிந்த அன்று இரவே சார்ஜ் போடுங்கள். சும்மா கிடக்கும் காலத்திலும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றிவையுங்கள்.

எங்கே கோளாறு என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். பாட்டு நன்றாகக் கேட்டு, மைக் குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தால் முதலில் மைக்கில் உள்ள செல்லை மாற்றுங்கள். மைக்கின் அடிப்பாகத்தைப் பொத்திப் பிடிப்பவர்களும் உண்டு. பல மைக்கில் ஆன்டெனா அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு தவில் அடிக்கும் பெட்டியின் விளக்கு மங்கி, சத்தம் அறுந்தால் பெரிய பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பாட்டை நிறுத்தி, பேஸைச் சுத்தமாகக் குறைத்து, மைக்கை மட்டும் ஓட்டினால் இன்னும் கொஞ்ச நேரம் சமாளிக்கலாம். லித்தியம் பேட்டரி வைத்த பெட்டிகள் இப்படி ஜாடை காட்டாமல் பொசுக்கென்று அணைந்துவிடும்.

ஜெனரேட்டர் இருக்கிறது, சார்ஜர் போட்டபடியே ஓட்டலாம் என்பார்கள். பல பெட்டிகளில் அந்தச் சார்ஜர் ஒன்று ஒன்றரை ஆம்பியர்தான் தரும். பாட்டு 4 ஆம்பியர் இழுக்கும்போது மிச்சம் பேட்டரியிலிருந்துதான் போகும். கொஞ்சம் தாமதமாக அணையும், அவ்வளவுதான். பின்பக்கம் 12 வோல்ட் வெளி இணைப்பு இருந்தால் டிராக்டர் பேட்டரி நல்ல துணை. நடுவில் ஃப்யூஸ் போடுங்கள். சிவப்பு, கறுப்பு மாறினால் அப்போதுதான் உண்மையிலேயே ஆம்ப்ளிஃபயர் போகும்.

வாடகைக்கோ விலைக்கோ எடுத்தால், விசேஷத்துக்கு நாலு நாள் முன்பே முழுச் சார்ஜ் போட்டு, அங்கே வைக்கப்போகிற அதே சத்தத்தில் ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். சத்தம் அறுகிற வரை பிழியாமல், மங்கத் தொடங்கியதும் நிறுத்தி, உடனே மறுபடி சார்ஜ் ஏற்றுங்கள்.

போனைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஏரோப்ளேன் மோடில் போட்டு, அதன்பிறகு புளூடூத்தை மட்டும் ஆன் செய்யுங்கள். ஒரு வளைகாப்பில் நலங்குப் பாட்டுக்கு நடுவே கடன்காரர் அழைப்பு மணி ஊருக்கே கேட்டது, பாவம்.

அந்தக் காதுகுத்துக்காரருக்குப் புதுப் பேட்டரி போட்டுக் கொடுத்தேன். தை மாதம் அதே கோயிலில் அவர் தம்பி மகளுக்குக் காதுகுத்து. பாட்டைப் பாதிச் சத்தத்தில் அரை மணி நேரம் மட்டும் வைத்தார்களாம். மொய் வாசித்து முடிக்கும்போது மணி பன்னிரண்டரை, மைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.