நெய் ஜாடி படத்தில் எதைச் சரிபார்க்க முடியும்?

போன வாரம் என் தங்கை ஒரு நெய் ஜாடியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணா, இதை நம்பி வாங்கலாமா?" என்று கேட்டாள். ஜாடியின் முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. பசு மாட்டுப் படம், '100% சுத்தம்' என்ற வரி, மூடியைச் சுற்றிப் பளபளவென்று ஒரு சீல். அந்தப் படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. விற்பவரிடம் கேட்டுப் பின்பக்க லேபிளையும், தேதி அச்சிட்ட இடத்தையும் கிட்டத்தில் எடுத்த படங்களை வாங்கச் சொன்னேன்.

பின்பக்கத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் fssai முத்திரைக்குக் கீழே ஒரு எண் இருக்கும். முதலில் இலக்கங்களை எண்ணுங்கள், 14 இருக்க வேண்டும். மங்கலான படத்தில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும், அதனால் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. அடுத்த இரண்டும் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாட்டுக்கு 24, மத்திய உரிமம் என்றால் 00. அதற்கடுத்த இரண்டும் ஆண்டு.

தங்கைக்கு வந்த எண் 224 என்று தொடங்கியது. அதாவது தமிழ்நாட்டுப் பதிவு. foscos.fssai.gov.in தளத்தில் FBO Search பகுதியில் அதைப் போட்டுப் பார்த்தோம். எண் உண்மையானதுதான், ஆனால் வந்த பெயரும் ஊரும் வேறு. லேபிளில் இருந்த பெயர் அங்கே எங்கும் இல்லை. தயாரிப்பவர் ஒருவர், தன் பிராண்டு பெயரில் விற்பவர் இன்னொருவர் என்றால் இருவருடைய எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். இதில் ஒரே எண்தான். அவள் வாங்கவில்லை.

சரி, பெயர் பொருந்தினால் நெய் சுத்தமா? அப்படி இல்லை. யார் பொறுப்பு என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. கலப்படம் இருக்கிறதா என்பது ஆய்வகத்தில்தான் தெரியும். '100%' என்ற சொல்லுக்கு உணவுச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. லேபிளிலும் விளம்பரத்திலும் அதைப் போட வேண்டாம் என்று 2025 மே மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியது. சீலும் அப்படித்தான். ஜாடி திறக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது, உள்ளே எதை ஊற்றி மூடினாலும் சீல் ஒட்டும்.

அக்மார்க் முத்திரை கொஞ்சம் கனமானது, ஏனென்றால் அதற்குப் பின்னால் தரப் பரிசோதனை உண்டு. ஆனால் நெய்க்கும் தேனுக்கும் அது கட்டாயம் இல்லை. வெறும் முத்திரைப் படம் போதாது, தரத்தின் பெயரும் அதனுடன் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேனில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகச் சோதனைதான் என்.எம்.ஆர். தேன் ஜாடியில் 'என்.எம்.ஆர். சோதனை செய்தது' என்று போட்டிருந்தால், அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கையில் உள்ள பேட்ச் எண்ணும் உங்கள் ஜாடியின் பேட்ச் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அந்தச் சோதனை உங்கள் தேனுக்குப் பொருந்தும். 'மலைத்தேன்', 'காட்டுத்தேன்' என்பதையெல்லாம் படத்தை வைத்து யாராலும் உறுதி செய்ய முடியாது.

எண் பொருந்தாவிட்டால் Food Safety Connect செயலியில் புகார் கொடுக்கலாம். லேபிள் படத்தை அழித்துவிடாதீர்கள், புகாருடன் அதையும் இணைக்க வேண்டியிருக்கும்.