உள்ளகக் கட்டுப்பாட்டின் உள்ளார்ந்த மட்டுப்பாடுகள்: செக்ரோலை வைத்து ஒரு சொல் விளக்கம்

கணக்கியல் படிக்கிற பிள்ளைகள் இந்தச் சொற்றொடரை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, "எல்லாப் புத்தகமும் சரியாக இருக்கிறது, பிறகு எப்படிக் காசு போனது?" என்ற கேள்வி வரும்போதுதான் இதற்கு அர்த்தம் தேவைப்படுகிறது.

பிழையையும் மோசடியையும் தடுக்கவும் பிடிக்கவும் ஒரு நிறுவனம் தனக்குள் வைத்துக்கொள்ளும் சரிபார்ப்பு முறைதான் உள்ளகக் கட்டுப்பாடு, ஆங்கிலத்தில் இன்டர்னல் கன்ட்ரோல். முதலில் கன்ட்ரோல் என்ற சொல். இடைக்கால இலத்தீனில் கொன்ட்ராரொட்டுலஸ் என்று ஒரு சொல் இருந்தது. கொன்ட்ரா என்றால் எதிர், ரொட்டுலஸ் என்றால் சுருள் ஏடு. ஒருவர் எழுதும் கணக்கேட்டுக்கு எதிராக இன்னொருவர் வைத்திருக்கும் இணை ஏடு அது, இரண்டையும் ஒப்பிட்டால் பிழை தெரியும். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் கன்ட்ரோல் ஆனது. தோட்டத்தில் தொழிலாளரின் வேலை நாளையும் கூலியையும் பதியும் ஏடான நமது செக்ரோலில் இருக்கும் ரோலும் அதே ரொட்டுலஸ்தான். ஆக, இந்தச் சொல்லின் அடி வேர் 'எதிர்க்கணக்கு வைத்துச் சரிபார்ப்பது'.

தமிழில் நாம் எடுத்துக்கொண்ட கட்டுப்பாடு என்பதோ கட்டு, படு என்பவற்றில் இருந்து வருகிறது: கட்டி வைப்பது, அடக்குவது. அதனால் உள்ளகக் கட்டுப்பாடு என்று கேட்டதும், கையைக் கட்டிவிட்டார்கள், இனித் தவறு நடக்க முடியாது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. பாடநூல்களில் வேரூன்றிவிட்ட சொல்லை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அதை வாசிக்கும்போது இரண்டு ஏடு, இரண்டு கை என்பதை நினைவில் வைத்தால், இது எங்கே உடையும் என்பது தானாகவே புரியும். ஒன்று, இரண்டு ஏட்டையும் ஒப்பிட்டாலும் தெரியாத பிழை. இன்னொன்று, இரண்டு கையும் சேர்ந்துகொள்வது.

மனிதத் தவறை முதலில் பார்ப்போம். கொழுந்து நிறுவை காலை, பகல், மாலை என்று மூன்று தடவை நடக்கிறது. செக்ரோல் இலக்கம் 114 உள்ள அக்கா 6, 7, 5 என்று மொத்தம் 18 கிலோ எடுத்திருக்கிறார். ஒரு நாளுக்கு எடுக்க வேண்டிய அளவான நோம் 18 என்று வைத்துக்கொள்வோம். மழை தூறுகிறது, இருட்டிக்கொண்டு வருகிறது, லொறி காத்து நிற்கிறது, கணக்கப்பிள்ளை மாலை நிறுவையின் 5 கிலோவை 114க்குப் பதில் 141இல் எழுதிவிட்டார். கெட்ட எண்ணம் எதுவுமில்லை, இலக்கம் புரண்டுவிட்டது, அவ்வளவுதான். இப்போது சரிபார்ப்பு என்ன செய்யும்? மலையில் எழுதிய மொத்தக் கிலோவை ஆலையில் எடை போட்ட கிலோவோடு ஒப்பிடும். மொத்தம் மாறவில்லையே, ஒருவரிடம் இருந்து போனது இன்னொருவரிடம்தான் போயிருக்கிறது. இரண்டு ஏடும் அழகாகப் பொருந்தும். ஆனால் அந்த அக்காவின் பெயரில் 13 கிலோதான் நிற்கிறது. நோம் குறைந்தால் அரைப்பேர் போடுகிற தோட்டமாக இருந்தால் பாதி நாள் கூலி போய்விடும், 141க்கோ மேலதிகக் கிலோவுக்கான காசு விழும். இந்தப் பிழையைப் பிடிக்கக்கூடியவர் அந்த அக்கா ஒருவர்தான், அதுவும் ஒவ்வொரு நிறுவைக்கும் கையில் துண்டு கொடுத்திருந்தால். அலுவலகத்துக்குள் எத்தனை ஒப்பம் வைத்தாலும் இது தெரிய வராது.

அடுத்தது கொலூஷன். இதுவும் இலத்தீன்தான்: கொல் என்பது சேர்ந்து, லூதெரே என்பது விளையாடுவது. கூட்டுச்சதி என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் பெரிய சொல்லாகப் படுகிறது, ஏதோ ஆட்சியைக் கவிழ்க்கப் போவதுபோல. தோட்டத்தில் நடப்பதற்கு 'உடந்தை' என்ற நம் பழைய சொல்லே போதும்.

புல்லு வெட்டும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்துக்குக் கிலோ சாட்சி இருக்கிறது, புல்லுக்கு எதுவுமில்லை. 12 பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள். கங்காணி தன் கொப்பியில் 14 என்று குறிக்கிறார், கணக்கப்பிள்ளையும் செக்ரோலில் 14 பேர் போடுகிறார். ஆளை எண்ணுவது ஒருவர், பேர் போடுவது இன்னொருவர் என்று கடமைகளைப் பிரித்து வைத்தது இதைத் தடுக்கத்தான், ஆனால் இருவரும் ஒன்று சேர்ந்த அந்தக் கணத்தில் பிரித்து வைத்ததற்குப் பயனே இல்லாமல் போகிறது. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில், மாதம் 22 நாள் இரண்டு பேருக்கு 59,400 ரூபாய். சரி, அடையாள அட்டை பார்ப்போம், சம்பளத்தை வங்கிக்கே போடுவோம் என்று நிர்வாகம் சொல்லும். அந்த இரண்டு பெயரும் தோட்டத்தில் பதிந்துவிட்டு கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன உண்மையான ஆட்களுடையது என்றால்? அட்டையும் உண்மை, வங்கிக் கணக்கும் உண்மை, சேமலாப நிதி இலக்கமும் உண்மை. அவர்களும் பங்கு வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தால் உடந்தை நான்கு பேராகிறது, அவ்வளவுதான். மேலே இருக்கும் எழுதுவினைஞருக்கும் துரைக்கும் வரும் தாளில் குற்றம் சொல்ல ஓர் எழுத்துக்கூட இருக்காது.

இது தெரிய வருவது பெரும்பாலும் தாளுக்கு வெளியேதான். ஒரு ஏக்கருக்குப் போகும் பேர் மற்ற டிவிஷனை விட கூடிக்கொண்டே வரும், ஆனால் மலை கரடுமுரடு, புல்லு அதிகம் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லலாம். சொல்லாமல் கொள்ளாமல் மலைக்குப் போய்த் தலையை எண்ணுவதும், கணக்கப்பிள்ளையை டிவிஷன் மாற்றுவதும், அவர் லீவு போட்ட வாரத்தில் எண்ணிக்கை குறைகிறதா என்று பார்ப்பதும் பலன் தரும். ஆனால் எல்லா மலையிலும் தினமும் எண்ணுவதற்கு ஆள் வைத்தால் அந்தச் சம்பளம் நட்டத்தைத் தாண்டிவிடும், வைத்த ஆளும் உடந்தையாகலாம். எந்தக் கட்டுப்பாட்டுக்கும் செலவு ஓர் எல்லை போடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துரையே "இதை இப்படிப் போடு" என்றால் யார் மறுப்பது? கட்டுப்பாட்டை அமைத்தவரே அதைத் தாண்டிப் போவதை முகாமை மீறல் என்கிறார்கள்.

அமெரிக்காவில் கணக்கியல், கணக்காய்வு அமைப்புகள் சேர்ந்து அமைத்த கோசோ குழு 1992இல் வெளியிட்டு 2013இல் புதுப்பித்த சட்டகம், உள்ளகக் கட்டுப்பாடு தருவது நியாயமான உறுதி மட்டுமே என்று சொல்வது இந்தக் காரணங்களால்தான். இலங்கைக் கணக்காய்வு நியமங்களும் அதே வழிதான். கணக்காய்வு அறிக்கையை எடுத்துப் பாருங்கள்: நியாயமான உறுதி உயர்ந்த மட்டத்திலான உறுதிதான், ஆனால் உத்தரவாதம் அல்ல என்று இருக்கும். மோசடியால் வரும் பிறழ்கூற்று தவறால் வருவதைவிடக் கண்ணில் படாமல் போகும் ஆபத்து கூடியது, ஏனெனில் அதில் உடந்தை, போலி ஆவணம், கட்டுப்பாட்டை மீறுதல் எல்லாம் கலந்திருக்கலாம் என்றும் இருக்கும். அதை ஆய்வாளரின் சாக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள், மேலே சொன்ன 14 பேர் கணக்கைத்தான் அது சொல்கிறது.

கடைசியாகச் சொல் தேர்வு. லிமிட்டேஷனுக்கு மட்டுப்பாடு என்பதே சரி, குறைபாடு என்று எழுத வேண்டாம். நிறுவைத் துண்டு கொடுக்காமல் விட்டது குறைபாடு. கணக்காய்வாளர் அதை எழுதித் தருவார், தோட்டம் அடுத்த மாதமே திருத்தலாம். நான்கு பேர் சேர்ந்து மௌனமாக இருக்கக்கூடும் என்பது மட்டுப்பாடு. மிக நன்றாக அமைத்த முறையிலும் அது இருக்கும். இன்ஹெரன்ட் என்பதற்கு உள்ளார்ந்த என்று போடுவதும் அதனால்தான். பரீட்சைத் தாளில் இரண்டையும் மாற்றி எழுதினால் புள்ளிதான் குறையும், ஆனால் நிர்வாகத்துக்கு எழுதும் அறிக்கையில் மாற்றி எழுதினால், திருத்தக்கூடிய ஒன்றைத் திருத்த முடியாது என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும்.