வீடியோ காலில் கொலு ஏன் உருகுகிறது?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். நவராத்திரியில் இங்கே மாலை ஏழு மணிக்கு விளக்கேற்றிவிட்டுக் கூப்பிட்டால் அவளுக்குக் காலை ஒன்பதரை, பேரக்குழந்தைகளும் பக்கத்தில் இருப்பார்கள். "அதே போனில் போட்டோ எடுத்தால் மரப்பாச்சிக்குப் போட்ட மூக்குத்தி வரை தெரிகிறது. வீடியோ காலில் மட்டும் ஏழு படியும் வெண்ணெய் உருகினாற்போல் ஆகிவிடுகிறது. கேமரா ஒன்றுதானே?" என்று கேட்டிருக்கிறார். கொலுவைப் போனில் காட்டினால் திருஷ்டி, அதனால்தான் படம் கெடுகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

திருஷ்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இப்படிச் சொல்லி ஒரு பாட்டியைப் பேரப்பிள்ளைகளிடம் கொலுவைக் காட்டவிடாமல் செய்வது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. காரணம் வெறும் கணக்கு.

சாதாரண ஹெச்டி படத்தில் 1280-க்கு 720 புள்ளிகள் உண்டு. ஒரு புள்ளியின் நிறத்துக்கு மூன்று பைட் என்று வைத்தால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 27 லட்சம் பைட். நொடிக்கு 30 படம், ஆக எட்டு கோடிக்கு மேல். ஆனால் வீடியோ காலுக்கு வழக்கமாகக் கிடைப்பது சுமார் ஒரு மெகாபிட், அதாவது நொடிக்கு ஒன்றேகால் லட்சம் பைட். அதை 30 படத்துக்குப் பங்கு போட்டால் ஒரு படத்துக்கு நாலாயிரம் பைட்தான் தேறும். நீங்கள் எடுக்கும் போட்டோ இரண்டு மூன்று மெகாபைட் இருக்கும். மூக்குத்தி போன இடம் இதுதான்.

சரி, 27 லட்சத்தை எப்படி நாலாயிரத்தில் அடைக்கிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டுகிறார்கள். எட்டுக்கு எட்டு நேர்ப்புள்ளிக் கோலம் போல, ஒரு சதுரத்தில் 64 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 64 புள்ளிக்கும் தனித்தனியாக எவ்வளவு வெளிச்சம் என்று எழுதுவதற்குப் பதிலாக, ஏற்கெனவே தீர்மானித்து வைத்த 64 அலை வடிவங்களில் ஒவ்வொன்றையும் எவ்வளவு கலந்தால் இந்தச் சதுரம் வரும் என்று எழுதுகிறார்கள். முதல் வடிவம் மேடுபள்ளமே இல்லாத சமவெளி. அடுத்தது இடமிருந்து வலமாக மெல்ல இருளும். போகப்போக அலை நெருங்கி, கடைசி வடிவம் சதுரங்கப் பலகை போல் பொடிப்பொடியாக இருக்கும். படிமேல் விரித்த வெள்ளை வேட்டியில் வெறுமையாக இருக்கும் ஒரு சதுரத்துக்கு முதல் எண் ஒன்றே போதும், மற்ற 63-ம் பூஜ்யத்தை ஒட்டியே வரும். அம்மன் பொம்மையின் ஜரிகைக் கரை விழும் சதுரத்துக்கோ நெருக்கமான அலைகள் நிறைய வேண்டும். இடம் போதாதபோது முதலில் தூக்கிப் போடுவது அந்த நெருக்கமான அலைகளைத்தான், ஏனென்றால் அவை குறைந்தால் நம் கண் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் படியின் விளிம்பு நேராக நிற்க, ஜரிகையும் மூக்குத்தியும் கரைந்து போகின்றன.

இந்த உருமாற்றத்தைக் கண்டுபிடித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1972-ல், இதை ஆராய அந்த நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்பதுபோல் ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்ததை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1973 கோடைக்காலம் முழுவதும் வருமானம் இல்லாமல் அதில் உட்கார்ந்தார். நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. இன்றைய ஜேபெக் படமும் பெரும்பாலான வீடியோ முறைகளும் அந்தக் கட்டுரையின் வாரிசுகள். எளிமையாக இருக்கிறது என்பதற்காக நிதியை மறுக்கும் வழக்கம் எந்த நாட்டிலும் இருக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எத்தனை பேரால் சம்பளமில்லாமல் ஒரு கோடைக்காலத்தை ஓட்ட முடியும்?

இது மட்டும் போதாது. பெரிய மிச்சம் வேறிடத்தில் கிடைக்கிறது. முந்தைய படத்திலிருந்து மாறாத சதுரத்தை மறுபடி அனுப்புவதே இல்லை, "அப்படியே இருக்கட்டும்" என்று ஒரு குறிப்பு மட்டும் போகும். மாறிய இடத்துக்கு வித்தியாசத்தை மட்டும் அனுப்புவார்கள். பேசும் முகம் மட்டும் அசைந்து பின்னாலுள்ளது அசையாமல் இருந்தால், நாலாயிரம் பைட்டில் பெரும்பங்கு முகத்துக்குப் போகும், மிஞ்சுவதில் பொம்மைகள் படிப்படியாகத் தெளிவாகும். கால் தொடங்கியதும் மங்கலாக இருந்து இரண்டு மூன்று நொடியில் படம் துலங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அது இதுதான்.

இப்போது கொலுவுக்கு வருவோம். சீரியல் லைட் மினுக்மினுக்கென்று அணைந்து எரிகிறது. மாறுவது பல்பு மட்டும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அதன் வெளிச்சம் விழும் பொம்மை, வேட்டி, சுவர் எல்லாமே நிறம் மாறுகின்றன. மாறாத சதுரம் என்று ஒன்றுமே மிஞ்சுவதில்லை, முழுப் படத்தையும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. துலங்க எடுக்கும் இரண்டு நொடி கிடைப்பதற்குள் அடுத்த மினுக்கல் வந்துவிடுகிறது.

போன வருஷம் எங்கள் வீட்டில், எதிர்ப்பக்கம் அக்காவைப் பார்க்கச் சொல்லி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். செட்டியார் பொம்மையின் கையிலிருக்கும் தராசுத் தட்டு தெரிகிறதா என்பதுதான் சோதனை. சீரியல் மினுக்கும்போது தராசு இல்லை, பழுப்பாக ஏதோ இருந்தது என்றாள். சீரியலின் பெட்டியிலுள்ள பட்டனைத் தட்டித்தட்டி நிலையாக எரியும் முறைக்குக் கொண்டுவந்ததும் தட்டு வந்துவிட்டது, சங்கிலி வரவில்லை. அழகாக இருக்கட்டும் என்று அணைத்திருந்த ட்யூப்லைட்டைப் போட்டதும் சங்கிலியும் வந்தது.

ட்யூப்லைட் ஏன் உதவியது? இருட்டில் கேமரா சென்சார் சிக்னலைப் பெருக்குகிறது, கூடவே இரைச்சலும் பெருகிப் படம் முழுக்கப் பொடிப்பொடியாக மின்னும். அந்தப் பொடி ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருக்கும். அசையாத பொம்மையும் கணக்குக்கு அசைகிற பொம்மைதான். குத்துவிளக்கு வெளிச்சம் மட்டும் போதும் என்று விட்டால் நடப்பது இதுதான். விளக்கு எரியட்டும், ஆனால் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் கொலுமேல் விழட்டும்.

மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும். ஃபேன் காற்றில் ஆடும் ஜிகினாத் தோரணம் சீரியலுக்கு அண்ணன், அதைக் காற்று படாத பக்கம் கட்டுங்கள். பின்னால் தொங்கவிடும் துணி கட்டம் போட்டதாக இல்லாமல் ஒரே நிறமாக இருக்கட்டும். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டூல்மேல் சாய்த்து வையுங்கள். லேப்டாப்பில் பேசும்போது படத்தில் படுக்கைப் பட்டைகள் மெல்ல ஊர்ந்தால் அது மின்விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமரா அமைப்பு 60-ல் இருக்கும், 50-க்கு மாற்றினால் போய்விடும். குரலும் சேர்ந்து விட்டுவிட்டு வந்தால் மட்டும் இது எதுவும் பலிக்காது, அது இணைப்பின் கோளாறு, வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

கடைசியாக, சுற்றிக் காட்டுவது. எல்லோரும் போனைத் தூக்கி மேல்படியிலிருந்து கீழ்வரை ஒரே வீச்சில் காட்டுவோம், அங்கே எதுவும் தெரியாது. கலசத்தில் நிறுத்தி மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அப்புறம் தசாவதாரம், அங்கேயும் ஐந்து. மூக்குத்தி வந்துவிட்டதா என்று பேத்தியையே கேளுங்கள், அவள் சொன்ன பிறகு அடுத்த படிக்கு இறங்கலாம்.