ராத்திரியில் டேட்டாவைக் காலி செய்யும் பிளேஸ்டேஷன்

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் வீடுகளுக்கு பிராட்பேண்ட் இணைப்பு கொடுத்துப் பராமரிக்கிற வேலை என்னுடையது. வாப்பா துபாயிலிருந்து லீவில் வரும்போது பிளேஸ்டேஷன் 5 வாங்கி வந்த வீடுகளிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே புகார்தான்: "காக்கா, மாசம் பாதியிலேயே நெட் ஸ்லோ ஆயிடுது." பையன் விளையாடியே தீர்த்துவிட்டான் என்று உம்மா அவனைத் திட்டிக்கொண்டிருப்பார். பாவம், ஆன்லைனில் ஆடுவதற்கு நிறைய கேம்கள் மணிக்கு 100 எம்பிக்கு முன்னே பின்னேதான் எடுக்கின்றன. தீர்ப்பது அப்டேட்.

அண்மையில் பார்த்த ஒரு வீட்டில் 40 எம்பிபிஎஸ் வேகம், மாதம் 300 ஜிபி. அதைத் தாண்டினால் வேகம் 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அப்புறம் துபாய்க்கு வீடியோ கால் போட்டால் முகம் உறைந்து நிற்கும். கஸ்டமர் போர்ட்டலில் நாள்வாரிக் கணக்கைத் திறந்தோம். மற்ற நாட்களில் 6, 8 ஜிபி என்று ஓடியது, ஒரு நாள் மட்டும் 58, இன்னொரு நாள் 70. இப்படி ஒற்றை நாள் எகிறினால் அது சினிமா பார்த்த கணக்காக இருக்காது. 40 எம்பிபிஎஸ் லைன் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 18 ஜிபி இறங்கும். மூணே கால் மணி நேரத்தில் 58 ஜிபி முடிந்துவிடும், வீட்டில் எல்லாரும் தூங்கும்போதே.

பிளேஸ்டேஷனில் Downloads/Uploads பட்டியலைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தது. 58 ஜிபி போனது இரண்டு கேம்களின் அப்டேட்டுக்கு. அதில் ஒன்றை அவன் தொட்டே இரண்டு மாதம் ஆகிறதாம். கேமின் படங்கள், ஒலிகள் எல்லாம் பெரிய பெரிய கோப்புகளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். உள்ளே சின்னதாக ஒன்றை மாற்றினாலும் சில கேம்களில் அந்தக் கட்டின் பெரும்பகுதி திரும்ப இறங்கும்.

இதை நிறுத்த இரண்டு இடம் பார்க்க வேண்டும். Settings-இல் Saved Data and Game/App Settings, அதற்குள் Automatic Updates. அங்கே Auto-Download-ஐ அணைத்துவிடுங்கள். அடுத்து System, Power Saving, Features Available in Rest Mode வழியாகப் போய் Stay Connected to the Internet என்பதையும் அணையுங்கள். இரண்டாவதை மறந்தால், பகலில் பாதியில் நின்ற டவுன்லோடு ராத்திரி ஆரஞ்சு விளக்கோடு ரெஸ்ட் மோடில் தூங்கும்போது தொடர்ந்து ஓடும்.

இனி ஆடுகிற கேமை மட்டும் அவனே அப்டேட் செய்வான். கேம் மேல் நின்று ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி Check for Update கொடுத்தால் போதும். டவுன்லோடு தொடங்கியதும் பட்டியலில் அளவு தெரியும். 30 ஜிபி என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, போர்ட்டலில் மிச்சத்தைப் பார்த்து, மாத டேட்டா சுழற்சி முடியும் கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளிவைக்கலாம். எப்படியும் காலாவதியாகப் போகிற டேட்டாதானே. உங்கள் சுழற்சி ஒன்றாம் தேதி தொடங்குகிறதா, ரீசார்ஜ் செய்த தேதியிலா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று: ஆன்லைன் ஆட்டங்கள் அப்டேட் இல்லாமல் பெரும்பாலும் உள்ளே விடாது, தனியாக ஆடுபவை பழைய பதிப்பிலேயே ஓடும்.

அந்த 70 ஜிபி வேறு கதை. இடம் இல்லையென்று அழித்த கேமைத் திரும்ப இறக்கியிருக்கிறான். முதலில் வந்த மாடலில் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் கேம்களுக்குக் கிடைப்பது சுமார் 667 ஜிபிதான், சீக்கிரம் நிறைந்துவிடும். அழிப்பதற்குப் பதிலாக யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்குக்கு நகர்த்தலாம். பிஎஸ்5 கேமை அதிலிருந்து நேரடியாக ஆட முடியாது, ஆனால் திரும்ப உள்ளே கொண்டுவர ஒரு எம்பி டேட்டாகூடச் செலவாகாது. அந்த வீட்டுக்கு நான் சொன்னதில் அதிகம் மிச்சப்படுத்தியது இதுதான் என்பேன்.

எக்ஸ்பாக்ஸில் நெட்வொர்க் செட்டிங்ஸிலேயே டேட்டா கணக்கு காட்டும். பிளேஸ்டேஷனில் அது இல்லை, அதனால் போர்ட்டலை நம்ப வேண்டும். போர்ட்டல் சில மணி நேரம் பின்தங்கிக் காட்டலாம். ரௌட்டரின் மீட்டரை நம்பாதீர்கள், பல ரௌட்டர்களில் கரண்ட் போய் வந்தால் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

சிலர் ராத்திரி 11 முதல் காலை 6 வரை ரௌட்டரிலேயே பிளேஸ்டேஷனைத் தடுத்து வைக்கக் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் ரௌட்டர் ஒரு கருவியை அடையாளம் காண்பது மேக் முகவரியை வைத்து; பிளேஸ்டேஷனுக்கு வைஃபைக்கு ஒன்று, லேன் கேபிளுக்கு ஒன்று என இரண்டு மேக் முகவரிகள் உண்டு. ஒன்றை மட்டும் தடுத்தால் பையன் கேபிளைச் செருகிவிடுவான். கரண்ட் வந்த பிறகு ரௌட்டரின் கடிகாரம் 1970-ஐக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். நேரம் தப்பாக இருந்தால் ராத்திரித் தடை பட்டப்பகலில் விழும்.