ஐந்தாவது பத்தியில் கிடந்த சுவிட்ச்

வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து பத்திரிகைகளுக்கு அனுப்பவிருந்த செய்திக் குறிப்பு ஒன்று, திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்தது. பெயர் வேண்டாம். ஒன்றரைப் பக்கம், தலைப்பு 'வாடிக்கையாளர் நலனில் புதிய மைல்கல்'. முதல் பத்தி நிறுவனத்தின் பாரம்பரியம், இரண்டாவது விருதுகள், மூன்றாவது நிர்வாக இயக்குநரின் மகிழ்ச்சி, நான்காவது 'விரிவான சேவைத் திட்டம்'. ஐந்தாவது பத்தியின் நடுவில் இப்படி ஒரு வரி: 'இதன் ஒரு பகுதியாக, ஜனவரி முதல் மார்ச் வரை தயாரான குறிப்பிட்ட மாடல்களின் சுவிட்ச் கட்டணமின்றி மாற்றித் தரப்படும்.'

செய்தி அதுதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றிய பஞ்சு.

குறிப்பு கைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். மேலிருந்து படிக்காமல், கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பேன். எண், தேதி, 'இதன் ஒரு பகுதியாக', 'மேலும்', 'இதையொட்டி' ஆகியவை வரும் இடங்களில் பென்சிலால் கோடு போடுவேன். சங்கடமான விஷயத்தை எழுதுபவர் அதை இப்படி ஒரு இணைப்புச் சொல்லின் நிழலில்தான் உட்கார வைப்பார். 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஸ்டீஃபன் ஈலாப் ஊழியர்களுக்கு அனுப்பிய கடிதம் இதற்குப் பேர்போனது. சாதாரண வணக்கத்தில் தொடங்கி, போன்களைப் பற்றிய திட்டங்களையெல்லாம் நீளமாகச் சொல்லி முடித்த பிறகுதான் சுமார் 12,500 பேர் வேலை இழப்பார்கள் என்ற வரி வருகிறது. மறுநாள் பேசப்பட்டது ஆட்குறைப்பு மட்டுமல்ல, அதை அவர் புதைத்த விதமும்தான்.

கிரைண்டர் விஷயத்தில் ஆபத்து வேறு மாதிரி. பத்திரிகையில் இடம் போதாவிட்டால் டெஸ்கில் இருப்பவர் கீழிருந்துதான் வெட்டுவார். ஐந்தாவது பத்தி போய்விடும், விருதுகள் அச்சாகும். சுவிட்சை மாற்ற வேண்டிய வீட்டுக்குச் செய்தி போகவே போகாது.

நிறுவனத்தின் பிரிவு மேலாளரிடம் போனில் கேட்டேன்: "சார், சுவிட்சுக்கு என்ன ஆச்சு?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார், உள்ளே ஒயரை இறுக்கும் திருகு தளர்வாக இருந்ததால் ஓடும்போது சூடாகிறதாம். முதல் பத்தியை இப்படி மாற்றினேன்: 'ஜனவரி முதல் மார்ச் வரை தயாரான எங்கள் இரண்டு லிட்டர் கிரைண்டர்களின் சுவிட்ச் சூடாகலாம் என்பதால், அந்தச் சுவிட்சை வீட்டுக்கே வந்து இலவசமாக மாற்றித் தருகிறோம். ஆள் வரும்வரை கிரைண்டரைப் பயன்படுத்த வேண்டாம்.' அடுத்த பத்தியில், தயாரிப்பு மாதத்தை அடியில் உள்ள ஸ்டிக்கரில் எங்கே பார்ப்பது, எந்த எண்ணுக்குப் பேசுவது.

சரி, அடைமொழிகள். 'உலகத்தரம்', 'ஈடு இணையற்ற', 'முன்னணி' என்று பதினொன்று இருந்தன. வாக்கியத்தில் போட்டியாளர் பெயரைப் போட்டுப் பார்ப்பேன். அப்போதும் அப்படியே பொருந்தினால் அந்த வாக்கியம் யாரையும் பற்றியதல்ல, அடித்துவிடலாம். ஆனால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக் கூடாது. சில சமயம் அடைமொழிக்கு அடியில் ஒரு உண்மை கிடக்கும். 'ஈடு இணையற்ற சேவை' என்றால் என்ன என்று கேட்டபோது, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஆள் போவார் என்றார்கள். அதை எழுதினேன், அடைமொழி தானாக விழுந்தது.

மேற்கோள்தான் பாடாய்ப் படுத்தியது. 'வாடிக்கையாளர்களே எங்கள் உயிர்மூச்சு; அவர்களின் நம்பிக்கையைப் போற்றும் இம்முயற்சியில் பெருமிதம் கொள்கிறோம்' என்று நிர்வாக இயக்குநர் கூறியதாக இருந்தது. அவர் கூறவில்லை, விளம்பரப் பிரிவில் யாரோ எழுதியது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: அரைப்புள்ளி வைத்து யாரும் பேசுவதில்லை.

இதை நானே திருத்தி எழுதினால் இன்னொரு பொய்தான். அதனால் அவரையே அழைத்து, "இதை ஏன் செய்றீங்க?" என்று மட்டும் கேட்டேன். "ஒரு அம்மா போன் பண்ணி சுவிட்ச் கருகின வாசம் வருதுன்னாங்க. எங்க அம்மாவும் அதே மாடல்லதான் மாவரைக்கிறாங்க. அன்னைக்கே கழட்டிப் பாக்கச் சொன்னேன்" என்றார். அதை அப்படியே எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்கினேன். ஒப்புதலில்லாமல் ஒரு சொல்லையும் யார் வாயிலும் வைப்பதில்லை.

வழக்கறிஞர் 'சூடாகலாம்' என்ற சொல்லை எடுக்கச் சொன்னார். காரணம் இல்லாமல் சுவிட்சை மாற்றச் சொன்னால் யார் மாற்றுவார்கள் என்று கேட்டேன், விட்டுவிட்டார். நிர்வாக இயக்குநர் மட்டும் கடைசியில் வரும் நிறுவன அறிமுகத்திலாவது ஒரு 'முன்னணி' இருக்கட்டும் என்றார். இருக்கட்டும் என்று விட்டேன். டெஸ்கில் எப்படியும் அதை வெட்டுவார்கள்.