அடியில் வரைந்த பிளானை மீட்டருக்கு மாற்றிய பிறகு: கோடு சொல்வதும் எழுத்து சொல்வதும்

தமிழ்நாட்டில் வீட்டு பிளான் பெரும்பாலும் அடி-அங்குலத்தில்தான் பிறக்கிறது. வீட்டுக்காரர் "ஹால் பன்னிரண்டுக்குப் பதினாறு" என்கிறார், மேஸ்திரி அடி டேப்பில் அளக்கிறார், பத்திரத்தில் "கிழமேல் இருபுறமும் 32 அடி, தென்வடல் இருபுறமும் 50 அடி" என்று இருக்கிறது. அனுமதிக்குக் கொடுக்கும்போது எல்லாமே மீட்டரில் வேண்டும். ஆகவே அங்குலத்தில் வரைந்த ஆட்டோகேட் ஃபைல் ஏதோ ஒரு கட்டத்தில் மீட்டருக்கு மாறுகிறது. அந்த மாற்றத்துக்குப் பிறகு என் மேசைக்கு வரும் ஃபைல்களில் நான் முதலில் பார்ப்பது அளவுக்கோடுகளில் எழுதியிருக்கும் எண்ணை அல்ல. அந்த எண் உண்மையிலேயே அளந்து வந்ததா, யாரோ தட்டச்சு செய்ததா என்பதைத்தான்.

மாற்றும் வேலையில் எதெல்லாம் மாறும், எதெல்லாம் மாறாது என்று தெரிந்திருந்தால் பாதிப் பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும். `UNITS` கட்டளையில் போய் "Meters" என்று தேர்ந்தெடுப்பதால் ஒரு கோடுகூட சுருங்காது. 33 அடி நீளமுள்ள சுவர் அங்குல ஃபைலில் 396 அலகு. `UNITS` மாற்றிய பிறகும் அது 396 அலகுதான், இப்போது அதை மீட்டர் என்று மென்பொருள் நம்பிக்கொண்டிருக்கும், அவ்வளவே. வரைபடம் உண்மையில் மாற வேண்டுமென்றால் அதைச் சுருக்க வேண்டும்:

```
SCALE
ALL

0,0
0.0254
```

ஒரு அங்குலம் சரியாக 0.0254 மீட்டர். வரைந்தவர் ஒரு அலகை ஒரு அடி என்று வைத்திருந்தால் 0.3048. இங்கே கவனிக்க வேண்டியது, `ALL` என்று கொடுத்தாலும் உறைய வைத்த லேயரும் பூட்டிய லேயரும் தேர்வில் வராது. முதல் மாடியை ஒரு லேயரில் உறைய வைத்துவிட்டுத் தரைத்தளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுருக்கினால், பிறகு உறைவை எடுக்கும்போது முதல் மாடி தரைத்தளத்தைவிட ஏறக்குறைய 39 மடங்கு பெரிதாக வந்து நிற்கும். இது பார்த்தவுடன் தெரியும் பிழை, அதனால் பெரிய ஆபத்தில்லை. எல்லா லேயரையும் திறந்துவிட்டு ஒரே முறையில் சுருக்கினால் அதுவும் வராது.

பார்த்தவுடன் தெரியாத பிழைதான் சிக்கல். அப்படி வந்த ஒரு ஃபைலை விரிவாகச் சொல்கிறேன்.

மேலே சொன்ன 32-க்கு 50 மனை. அதில் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு, வெளிப்புறம் 24 அடிக்கு 33 அடி, இரண்டு தளமும் ஒரே அளவு. முன்னால் 6 அடி, பின்னால் 11 அடி, பக்கங்களில் 4 அடி காலியிடம். ஃபைல் மீட்டரில் இருந்தது. பிளானில் நீளம் 10.06, அகலம் 7.32, முன்பக்கக் காலியிடம் 1.83, பரப்பு அட்டவணையில் ஒரு தளத்துக்கு 73.58 சதுர மீட்டர், இரண்டுக்கும் சேர்த்து 147.16. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாம் பொருந்தும்: 24 × 33 = 792 சதுர அடி, அதை 0.09290304 ஆல் பெருக்கினால் 73.58. காகிதத்தில் மட்டும் பார்ப்பவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

நான் `DIST` கொடுத்து வெளிச்சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அளந்தேன். அகலம் 7.3152 வந்தது, சரி. நீளம் 10.5156 வந்தது. எழுத்தில் 10.06, கோட்டில் 10.52. இடையில் உள்ள 0.4572 மீட்டர் என்பது சரியாக ஒன்றரை அடி. இப்படி ஒரு வித்தியாசம் முழு அடி-அங்குலக் கணக்கில் உட்கார்ந்தால் அது மாற்றத்தின் பிழை அல்ல, யாரோ வடிவத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நடந்தது இதுதான். அங்குல ஃபைலில் வரைந்தவர், மீட்டர் எண்ணும் காட்ட வேண்டும் என்று ஒரு டிம் ஸ்டைலில் `DIMLFAC` மதிப்பை 0.0254 என்று வைத்திருந்தார். அளந்த நீளத்தை அந்த எண்ணால் பெருக்கித்தான் அளவுக்கோடு காட்டும். அங்குல ஃபைலில் அது சரி. பிறகு படம் முழுவதும் 0.0254 ஆல் சுருங்கியது, ஆனால் `DIMLFAC` அப்படியே இருந்தது. ஒரே மாற்றம் இரண்டு முறை நடந்ததால் 10.06 காட்ட வேண்டிய கோடு 0.26 என்று காட்டியது, 7.32 காட்ட வேண்டியது 0.19 என்றது. சரிசெய்ய வேண்டியவர் `DIMLFAC` மதிப்பை 1 ஆக்கியிருந்தால் ஒரு நிமிட வேலை. அவர் ஒவ்வொரு அளவுக்கோட்டையும் இரட்டைச் சொடுக்கி 10.06, 7.32, 1.83 என்று கையால் தட்டச்சு செய்துவிட்டார். அந்த நொடியிலிருந்து அவை அளவுக்கோடுகள் அல்ல, வெறும் எழுத்துகள். அதற்குப் பிறகு வீட்டுக்காரர் ஹாலை முன்பக்கம் ஒன்றரை அடி நீட்டச் சொல்லியிருக்கிறார். `STRETCH` செய்தார்கள், சுவர் நகர்ந்தது, எழுத்து நகரவில்லை. பரப்பு அட்டவணையும் தட்டச்சு செய்ததுதான், அதுவும் பழைய எண்ணிலேயே நின்றது.

உண்மையான பரப்பு 7.3152 × 10.5156 = 76.92 சதுர மீட்டர். தளத்துக்கு 3.34 சதுர மீட்டர், அதாவது 36 சதுர அடி, கணக்கில் இல்லை. அதைவிட முக்கியம் முன்பக்கக் காலியிடம். 6 அடியாக இருந்தது நாலரை அடியாகி 1.37 மீட்டருக்கு இறங்கிவிட்டது. அந்த மனைக்கு முன்னால் 1.5 மீட்டர் விட வேண்டும். பிளான் 1.83 என்று சொல்லி அனுமதி வாங்கியிருக்கும், தளத்தில் சுவர் 1.37-ல் எழுந்திருக்கும். பிறகு யார் அளந்தாலும் அது விதிமீறல், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்.

இந்த வகைப் பிழையைப் பிடிக்க ஒவ்வொரு கோடாகத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. `QSELECT` திறந்து, எல்லா டைமென்ஷன்களிலும் "Text override" என்ற பண்பு காலியாக இல்லாதவற்றை மட்டும் தேர்வு செய்யச் சொன்னால், கையால் எழுதியவை அனைத்தும் ஒரே நேரத்தில் நீலப்பிடிகளோடு எழுந்து நிற்கும். முதலில் `DIMLFAC` மதிப்பை, பண்புகள் பெட்டியில் "Dim scale linear" என்று வரும் இடத்தில், 1 ஆக்குங்கள். பிறகு எக்ஸ்பிரஸ் டூல்ஸில் உள்ள `DIMREASSOC` கொடுத்தால் உண்மையாக அளந்த எண்கள் திரும்ப வரும். வரிசை முக்கியம். முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்தால் மறுபடி 0.26-தான் வரும், மறுபடி யாராவது கையால் எழுதத் தொடங்குவார்கள்.

பரப்புக்கும் இதே ஒழுங்குதான். வெளிச்சுவரின் வெளிவிளிம்பில் ஒரு மூடிய பாலிலைன் போட்டு `AREA` எடுங்கள், அதை அட்டவணையோடு ஒப்பிடுங்கள், பிறகு அடிக்கணக்கில் தனியாகப் பெருக்கி 0.09290304 ஆல் மாற்றி மூன்றாவதாக ஒப்பிடுங்கள். மூன்றும் இரண்டாம் தசமம்வரை ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் விகிதத்தைப் பாருங்கள். விடை 3.28 மடங்கு தவறினால், சதுர அடியை 0.3048 ஆல் ஒரு முறை மட்டும் பெருக்கியிருக்கிறார்கள். 792-ஐ அப்படிப் பெருக்கினால் 241 வரும். 3 விழுக்காடு குறைந்தால், ஒரு அடியை 30 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். இது அடிக்கடி நடப்பது, ஏனென்றால் படம் பார்க்க நன்றாகவே இருக்கும். 24-க்கு 33 என்பது 7.2-க்கு 9.9 ஆகி 71.28 சதுர மீட்டர் வரும், யாருக்கும் சந்தேகம் தோன்றாது.

எஃப்.எஸ்.ஐ. சரியாக வருகிறது என்பதை அளவு சரி என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது சான்றே அல்ல. கட்டடப் பரப்பை மனைப் பரப்பால் வகுப்பதுதான் எஃப்.எஸ்.ஐ. முழுப் படமும் தவறான மடங்கில் சுருங்கியிருந்தால் மேலே கீழே இரண்டும் ஒரே அளவில் தவறும், வகுத்தால் பிழை அடிபட்டுப் போகும். ஆகவே படத்துக்கு வெளியே இருந்து ஒரு அளவு வேண்டும். பத்திரத்தில் உள்ள 32 அடி படத்தில் 9.7536 வருகிறதா, 50 அடி 15.24 வருகிறதா, முக்கியமாக மூலைவிட்டம் என்ன வருகிறது என்று பாருங்கள். மூலைகள் செங்கோணமாக இருந்தால் இந்த மனைக்கு 18.094 மீட்டர் வர வேண்டும். பக்கங்கள் நான்கும் சரியாக இருந்து மூலைவிட்டம் மட்டும் வேறுபட்டால் மனை இணைகரமாக வரையப்பட்டிருக்கிறது. அப்போது தளத்தில் போய் மூலைவிட்டத்தை டேப்பில் இழுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாம் சரியான பிறகும் ஒரு சின்ன முரண் மிஞ்சும், அதைப் பிழை என்று பதறிச் சரிசெய்யக் கூடாது. இந்த வீட்டின் நீட்டுவாக்கில், ஹாலை நீட்டுவதற்கு முன், மூன்று அறைகள், ஒவ்வொன்றும் 10 அடி 3 அங்குலம். வெளிச்சுவர் இரண்டும் 9 அங்குலம், நடுச்சுவர் இரண்டும் நாலரை அங்குலம். இரண்டு தசமத்தில் அறை 3.12, சுவர்கள் 0.23, 0.11. கூட்டினால் 10.04. மொத்த அளவு காட்டும் கோடு 10.06. இரண்டு சென்டிமீட்டர் எங்கே போனது என்று கேட்பார்கள். எங்கும் போகவில்லை, ஏழு எண்களைத் தனித்தனியாக முழுமையாக்கியதில் சேர்ந்தது. ஓர் அறையை 3.14 என்று தட்டச்சு செய்து சமன் செய்தால் மேலே சொன்ன நோய் திரும்பத் தொடங்கும். மூன்று தசமம் காட்டினால் 3.124, 0.229, 0.114 என்று வந்து கூட்டல் 10.058-ல் மொத்தத்தோடு பொருந்தும்.

அச்சிட்ட தாளில் ஒரே ஒரு சோதனை போதும். பிளானில் 1:100 என்று எழுதியிருந்தால் 10.06 மீட்டர் சுவர் தாளில் 100.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சாதாரண ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பிடிஎஃப்பை "Fit to page" கொடுத்து அச்சிட்டால் அந்த 1:100 பொய்யாகிவிடும், படத்தில் எதுவும் மாறியிருக்காது.

அந்த வீட்டில் கடைசியில் ஹாலை ஒன்றரை அடிக்குப் பதில் ஒரு அடி நீட்டினார்கள். நீளம் 34 அடி, 10.363 மீட்டர். முன்பக்கம் 5 அடி, 1.524 மீட்டர், விதிக்குள் வந்தது. தளத்துக்கு 75.81, மொத்தம் 151.62 சதுர மீட்டர் என்று அட்டவணை திருத்தப்பட்டது. மேஸ்திரியிடம் இருந்த அடி-அங்குலப் பிரதி இன்னமும் 33 அடி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அங்குல ஃபைலிலும் அதே ஒரு அடியை நகர்த்தி, பழைய பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தேதி போட்ட புதிய தாளைக் கொடுத்த பிறகுதான் அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னோம்.