140-ல் 138 இருந்தால் பட்டம் கிடைக்குமா? கிரெடிட் கணக்கும் அரியரும்

சேலத்தில் கலை, அறிவியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆறாம் செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரத்தில், துறை வாசலில் ஒரு பெற்றோராவது வந்து நிற்பார். ஒரு வருடம் ஏற்காட்டிலிருந்து ஒரு அப்பா மகளோடு வந்திருந்தார். மகள் ஆறாம் செமஸ்டரில் எல்லா பேப்பரிலும் பாஸ். எம்.எஸ்சி. விண்ணப்பமும் போட்டாகிவிட்டது. ஆனால் புரொவிஷனல் சர்டிபிகேட் கொடுக்க முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். "ரெண்டே ரெண்டு கிரெடிட்தானுங்க சார், அதுக்காக ஒரு வருசமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தப் பெண்ணின் கணக்கை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் கிரெடிட் என்றால் என்ன என்று பார்ப்போம். பொதுவான கணக்கு இதுதான்: வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் ஒரு செமஸ்டர் முழுக்க, சுமார் 15 வாரம், வகுப்பு நடந்தால் 1 கிரெடிட். லேபுக்கு வாரம் இரண்டு மணி நேரம் சேர்ந்தால்தான் 1 கிரெடிட். பொறியியல் கல்லூரிகளில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். கலை, அறிவியல் பட்டங்களில் கொஞ்சம் மாறும். வாரத்துக்கு 30 மணி நேர டைம்டேபிளில் தமிழுக்கு 6 மணி நேரம் போகும், கிரெடிட்டோ 3தான். மேஜர் பேப்பருக்கு 4 அல்லது 5 வரும். அதனால் மணி நேரத்தைப் பார்த்துக் கிரெடிட்டை ஊகிக்க வேண்டாம். சிலபஸ் புத்தகத்தின் முதல் பக்கங்களில் ஒவ்வொரு பேப்பருக்கும் எதிரே கிரெடிட் அச்சாகியிருக்கும், அதுதான் கணக்கு. தமிழ்நாட்டில் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் மொத்தம் 140 கிரெடிட். நம் ஊர்ப் பக்கத்துக் கல்லூரிகள் பல இணைந்திருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான்.

கிரெடிட்டைப் பற்றி மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. மார்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், கிரெடிட் அப்படிக் கூடாது. 4 கிரெடிட் பேப்பரில் 40 எடுத்தாலும் 4, 95 எடுத்தாலும் 4, 39 எடுத்தால் பூஜ்யம். தியரி பேப்பர் பெரும்பாலும் இன்டர்னல் 25, எக்ஸ்டெர்னல் 75 என்று பிரிந்திருக்கும். பாஸ் ஆக மொத்தத்தில் 40 எடுத்தால் மட்டும் போதாது, எக்ஸ்டெர்னலில் தனியாக 30 எடுக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. இன்டர்னலில் 24 வாங்கிவிட்டு எக்ஸ்டெர்னலில் 28 எடுத்தால் மொத்தம் 52 வரும், ஆனாலும் அது ஃபெயில்தான். 52 போட்டு ஃபெயில் என்று வந்திருக்கிறதே, தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்று பதறி ஓடி வருகிறவர்கள் உண்டு. தப்பில்லை, எக்ஸ்டெர்னல் மார்க் உள்ள கட்டத்தைத் தனியாகப் பாருங்கள்.

இன்னொன்று, ஒரு பேப்பரின் கிரெடிட் இன்னொரு பேப்பருக்கு ஈடாகாது. ஆன்லைன் கோர்ஸ் படித்துக் கூடுதலாக 4 கிரெடிட் சேர்த்திருந்தாலும், விட்டுப்போன மேஜர் பேப்பரின் 4 கிரெடிட்டை அது நிரப்பாது. பொறியியலில் எலெக்டிவ் பேப்பர் போனால் அதற்குப் பதில் வேறு எலெக்டிவ் எடுக்க விடும் விதிகள் உண்டு. கட்டாயப் பேப்பருக்கு அந்த வழி கிடையாது.

சரி, ஏற்காட்டுப் பெண்ணிடம் வருவோம். 2022-ல் சேர்ந்தவள், 2025 ஏப்ரல் தேர்வோடு முடிக்க வேண்டியவள். முதல் செமஸ்டரில் அல்லைடு கணிதம் போய்விட்டது, 4 கிரெடிட். வீட்டில் அன்றைக்கு அழுகையும் கூச்சலுமாக இருந்ததாம். ஆனால் அந்த ஃபெயிலால் அவளுக்கு ஒரு நாள்கூடத் தாமதம் வரவில்லை. நம் பக்கத்துக் கல்லூரிகளில் அரியர் வைத்துக்கொண்டே அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். தேர்வுகள் நவம்பரிலும் ஏப்ரலிலும் வரும். முதல் செமஸ்டரில் விட்ட பேப்பரை எழுத, படிப்பு முடிவதற்குள் அவளுக்கு இன்னும் ஐந்து தேர்வுப் பருவங்கள் இருந்தன. அடுத்த ஏப்ரலிலேயே எழுதினாள், பாஸ். கணக்கில் 4 கிரெடிட் ஏறிவிட்டது.

ஆக, எத்தனை பேப்பர் போனது என்று எண்ணுவதோடு நிற்காமல், அந்தப் பேப்பரை எழுத இன்னும் எத்தனை தேர்வு மிச்சம் இருக்கிறது என்றும் எண்ண வேண்டும். முதல் செமஸ்டர் பேப்பருக்கு ஐந்து வாய்ப்பு. ஐந்தாம் செமஸ்டர் பேப்பருக்கு ஒரே வாய்ப்பு, அதுவும் ஆறாம் செமஸ்டரின் எல்லாப் பேப்பரோடும் சேர்த்து எழுத வேண்டியது. ஆறாம் செமஸ்டர் பேப்பருக்கு வாய்ப்பே இல்லை, அது போனால் நேராகத் தாமதம்தான். கடைசி செமஸ்டரில் ஒன்றிரண்டு பேப்பர் மட்டும் போனவர்களுக்காகச் சில கல்லூரிகள் ஜூன், ஜூலையில் உடனடித் துணைத் தேர்வு நடத்துகின்றன. உங்கள் கல்லூரியில் அது உண்டா, எத்தனை பேப்பர் வரை விடுவார்கள், முந்தைய செமஸ்டர் அரியர் இருந்தாலும் எழுதலாமா என்பதை ஆறாம் செமஸ்டர் தொடங்கும்போதே தேர்வுப் பிரிவில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அவளை நிறுத்தியது மேஜரோ அல்லைடோ அல்ல, நான்காம் செமஸ்டரில் வந்த 2 கிரெடிட் சுற்றுச்சூழல் கல்வி. அன்றைக்குக் காய்ச்சல், தேர்வுக்குப் போகவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். ஏன் விட்டாள் என்றும் எனக்குப் புரிகிறது. சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி, திறன் மேம்பாட்டுப் பேப்பர்கள் எல்லாம் பகுதி நான்கில் வரும். என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணிக்கான 1 கிரெடிட் பகுதி ஐந்து. ஃபர்ஸ்ட் கிளாஸா செகண்ட் கிளாஸா என்று பார்க்கும்போது மேஜரும் அல்லைடும் அடங்கிய பகுதி மூன்றின் மார்க்கைத்தான் பார்ப்பார்கள். கிளாஸுக்கு உதவாத பேப்பர் என்பதால் சீனியர்களே "அது சும்மா பேப்பர்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் 140 என்ற கூட்டலில் அந்த 2-ம் இருக்கிறது, அந்த 1-ம் இருக்கிறது. கிளாஸுக்கான கணக்கு வேறு, பட்டத்துக்கான கணக்கு வேறு.

அந்தப் பேப்பரை 2024 நவம்பரிலோ 2025 ஏப்ரலிலோ எழுதியிருக்கலாம். இரண்டு முறையும் அவள் ஹால் டிக்கெட்டில் அது வரவே இல்லை. அரியர் பேப்பர் தானாக வராது. அந்தந்தப் பருவத்துக்கு விண்ணப்பித்து, பேப்பருக்கான கட்டணத்தைக் கடைசித் தேதிக்குள் கட்டினால்தான் ஹால் டிக்கெட்டில் ஏறும். நடப்பு செமஸ்டருக்குக் கட்டியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டாள்.

மார்க் ஷீட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல இடங்களில் ஜி.பி.ஏ. போடும்போது ஃபெயிலான பேப்பரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு செமஸ்டரில் ஐந்து பேப்பர், ஒவ்வொன்றும் 4 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். நான்கில் கிரேடு பாயிண்ட் 8, 7, 9, 8, ஐந்தாவது ஃபெயில். பாஸான 16 கிரெடிட்டை மட்டும் எடுத்தால் 128-ஐ 16-ஆல் வகுத்து 8.0 வரும். 20 கிரெடிட்டையும் எடுத்தால் 6.4தான். மாணவர் கண்ணில் படுவது 8.0. நன்றாகத்தான் போகிறது என்று வீட்டிலும் நம்பிவிடுவார்கள். அதனால் ஜி.பி.ஏ.வை ஒதுக்கிவிட்டு, பெற்ற கிரெடிட் எவ்வளவு என்ற கட்டத்தை மட்டும் ஒவ்வொரு செமஸ்டரும் கூட்டிக்கொண்டே வாருங்கள். சிலபஸில் அந்த செமஸ்டர் வரைக்கும் வர வேண்டிய கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால் இடைவெளி உடனே தெரியும். அந்தப் பெண்ணுக்கு நான்காம் செமஸ்டரிலேயே 2 குறைந்திருந்தது.

இனி அவள் அப்பாவின் கேள்வி. 2 கிரெடிட் எப்படி ஒரு வருடம் ஆகிறது? அடுத்த தேர்வு 2025 நவம்பரில். ரிசல்ட் வரப் புது வருடம் பிறந்துவிடும். தேர்வுக் கணக்குப்படி பார்த்தால் தாமதம் ஆறேழு மாதம்தான். ஆனால் எம்.எஸ்சி., பி.எட். சேர்க்கை வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கிறது. 2025-ல் விட்டால் அடுத்தது 2026-ல்தான். நவம்பரில் ஒற்றைப்படை செமஸ்டர் பேப்பர்களை மட்டும் நடத்தும் தன்னாட்சிக் கல்லூரியாக இருந்திருந்தால், நான்காம் செமஸ்டர் பேப்பருக்காக அவள் 2026 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அப்போது ரிசல்ட் வருவதும் சேர்க்கை நடப்பதும் ஒரே சமயத்தில் வந்து, மறுபடியும் நெருக்கடியாகிவிடும். எல்லா அரியரையும் இரண்டு பருவத்திலும் எழுத விடுகிறார்களா என்பது சேரும்போதே தெரிந்துகொள்ள வேண்டிய விதி.

இதுவரை சொன்னது மார்க்கால் வரும் ஃபெயில். வருகைப் பதிவால் வருவது இதைவிடக் கனமானது. ஏற்காட்டுப் பிள்ளைகளுக்காகவே இதைச் சேர்த்துச் சொல்கிறேன். தேர்வு எழுதப் பொதுவாக 75 விழுக்காடு வருகை வேண்டும். கொஞ்சம் குறைந்தால் மருத்துவச் சான்று கொடுத்து, கண்டோனேஷன் கட்டணம் கட்டி எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத்தில் எழுத முடியாது. மிகவும் குறைந்துபோனால், பல இடங்களில் 50 விழுக்காட்டுக்குக் கீழே என்றால், அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். அந்த செமஸ்டர் அடுத்த வருடம்தான் திரும்ப வரும், ஜூனியர்களோடு உட்கார வேண்டும். மார்க்கில் போன பேப்பரை அடுத்த செமஸ்டரோடு சேர்த்து எழுதிச் சமாளிக்கலாம். இதில் அது முடியாது, எந்த செமஸ்டரில் நடந்தாலும் ஒரு வருடம் முழுதாகப் போய்விடும்.

மலையில் காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கித் தை மாதம் வரை போகும். இரட்டைப்படை செமஸ்டர் வகுப்புகள் தொடங்குவதும் அதே சமயத்தில்தான். வீட்டுக்குக் கை வேண்டும், கூலியும் கிடைக்கும் என்று பிள்ளைகள் மூன்று, நான்கு வாரம் மலையிலேயே தங்கிவிடுகிறார்கள். 15 வார செமஸ்டரில் நான்கு வாரம் போனால் மிஞ்சுவது 73 விழுக்காடுதான், அதன்பின் ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்தாலும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது போன்ற நாட்களும் இதில் சேர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட நாட்களுக்கு உடனே ஒரு கடிதம் எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடிவில் கண்டோனேஷன் கேட்கும்போது அந்தத் தாள் பேசும்.

அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது சின்ன உதவிதான். நவம்பர் தேர்வுக்கான விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று தேர்வுப் பிரிவில் கேட்டுச் சொன்னேன். அவள் படித்த சிலபஸின் பேப்பர் குறியீட்டு எண்ணை எழுதிக் கொடுத்தேன். சிலபஸ் மாறிய ஜூனியர்களுக்கு அந்த எண் வேறு, தவறான எண்ணில் பணம் கட்டினால் இன்னொரு பருவமும் போய்விடும். அப்பாவும் மகளும் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு, மூன்றரை மணி ஏற்காடு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள்.